சிவப்புப் பந்து புல்லில் நின்றுவிட்டால் நாய்க்கு ஏன் தெரிவதில்லை?

மஞ்சக்குப்பம் சரவணன்: தினமும் சாயங்காலம் மஞ்சக்குப்பம் மைதானத்தில் எங்கள் நாட்டு நாயோடு சிவப்பு ரப்பர் பந்து போட்டு விளையாடுகிறேன். பந்து உருண்டு ஓடும்வரை குறி தப்பாமல் துரத்துகிறது. அதுவே புல்லில் நின்றுவிட்டால், பத்தடி தள்ளி நின்றுகொண்டு திருதிருவென்று முழிக்கிறது. அப்புறம் மூக்கைத் தரையில் வைத்துச் சுற்றிச் சுற்றித் தேடுகிறது. மூன்று வயதுதான் ஆகிறது. கண்ணில் ஏதாவது கோளாறா?

பாப்புலியூரான்: கோளாறெல்லாம் இல்லை தம்பி. நாய்க்கு உலகமே கறுப்பு வெள்ளைதான். அதன் கண் பெயருக்குத்தான், பிழைப்பு முழுக்க மூக்கில். எந்தக் கலரில் பந்து வாங்கினாலும் ஒன்றுதான், காசை வீணாக்காதீர்கள்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா: கால்நடை மருத்துவராகச் சொல்கிறேன், கறுப்பு வெள்ளை என்பது சரியில்லை. 1989-இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பராவில் நைட்ஸ், கைஸ்ட், ஜேக்கப்ஸ் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். நாயின் முன்னால் வெளிச்சம் விழும் மூன்று தட்டுகள் இருக்கும். இரண்டில் ஒரே நிறம், ஒன்றில் வேறு. வேறாக இருப்பதை மூக்கால் தொட்டால் தீனி கிடைக்கும். வெளிச்சத்தின் அளவைக் கூட்டிக் குறைத்துக் கலைத்துப் போட்டார்கள். பளிச்சென்று இருப்பதை வைத்து நாய் ஊகித்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படியும் நீலத்தைத் தனியாகப் பிரித்துக் காட்டின.

நமக்கு நிறம் பார்க்க மூன்று வகைக் கூம்புச் செல்கள் உண்டு, நாய்க்கு இரண்டு. ஒன்று நீலப் பக்கம், மற்றது மஞ்சள் பச்சைப் பக்கம். சிவப்பையும் பச்சையையும் பிரித்துக் காட்ட நமக்கு இருக்கும் ஏற்பாடு அதற்குக் கிடையாது. புல்லும் பந்தும் இரண்டுமே அதற்கு ஒருவித மங்கல் மஞ்சள்தான். அதிலும் சிவப்பு ரொம்ப இருண்டு தெரியும். உச்சிவெயிலில் அந்த இருட்டுப் புள்ளியையாவது கண்டுபிடிக்கலாம். சாயங்காலம் புல்லுக்குள் நிழல் விழுந்த பிறகு, பந்தும் இன்னொரு நிழல்தான்.

சரவணன், உங்கள் நாய் ஓடும் பந்தைச் சரியாகப் பிடிக்கிறது என்பதால் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. ஆனால் பழக்கமான வீட்டிலேயே சாமான்களில் முட்டினாலோ, இருட்டில் படி இறங்கத் தயங்கினாலோ நேரில் காட்டிவிடுங்கள்.

வில்லியனூர் மலர்: டாக்டர், எங்கள் டாமியின் கண் ராத்திரியில் பச்சையாக மின்னுகிறது. அப்படியென்றால் அதற்குப் பச்சை தெரியும்தானே?

லாஸ்பேட்டை டாக்டரம்மா: அது வேறு விஷயம் மலர். விழித்திரைக்குப் பின்னால் ஒரு பளபளப்பான படலம் இருக்கிறது. உள்ளே போன வெளிச்சத்தை அது திருப்பி அனுப்புவதால் செல்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறது. மங்கலான வெளிச்சத்தில் பார்க்க அது உதவும். நிறம் பிரிப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பாப்புலியூரான்: சரி, இரண்டு கலர் தெரியும் என்றே வைத்துக்கொள்வோம். பத்தடியில் கிடக்கும் பந்தைப் பார்க்காத கண்ணை நல்ல கண் என்று எப்படிச் சொல்வது? மனிதனைவிட லட்சம் மடங்கு மோப்ப சக்தி இருக்கும்போது அதற்குக் கண் எதற்கு?

லாஸ்பேட்டை டாக்டரம்மா: பத்தடியில் கிடப்பது தெரியவில்லை. முப்பது அடியில் உருளுவது எப்படித் தெரிகிறது? அதற்குப் பதில் சொல்லுங்கள் அண்ணா.

நாயின் கண்ணில் கூர்மை குறைவுதான். நாம் 75 அடியிலிருந்து பிரித்துப் பார்ப்பதை அது 20 அடிக்குப் பக்கத்தில் வந்துதான் பார்க்கும். அசைவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. மங்கல் வெளிச்சத்திலும் அசைவிலும் வேலை செய்யும் கோல் செல்கள் அதற்கு நிறைய. 1930-களில் போலீஸ் நாய்கள் பதினான்கை வைத்துப் பார்த்தபோது, அவற்றில் கெட்டிக்கார நாய்கள் அசைகிற பொருளை 800 மீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டுகொண்டன. அதே பொருள் அசையாமல் இருந்தபோது 600 மீட்டர்கூட எட்டவில்லை. தப்பி ஓடும் இரையைத் துரத்தும் பிராணிக்கு அதன் நிறத்தைவிட அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதுதான் முக்கியம்.

லட்சம் மடங்கு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லவும் முடியாது. எந்த வாசனை என்பதைப் பொறுத்து அது நிறைய மாறும். ஆனால் மூக்கின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். காய்ந்த மண்ணில் நாய் மோப்பம் பிடிக்கும்போது குனிந்து பார்த்தால், மூக்குக்கு இரண்டு பக்கமும் புழுதி பின்னோக்கிக் கிளம்புவது தெரியும். மூச்சை இழுப்பது முன் துவாரம் வழியாக, விடுவது பக்கவாட்டுப் பிளவு வழியாக. அதனால் விடும் மூச்சு எதிரே இருக்கும் வாசனையைக் கலைத்துவிடாது. நொடிக்கு நாலைந்து தடவை இப்படி இழுத்து விடும். பந்து நின்றதும் கண்ணுக்குத் துப்பு அற்றுப்போகிறது. ஆனால் அது உருண்டு போன வழியில் நாயின் சொந்த எச்சில் ஒட்டியிருக்கிறது. சரவணனின் நாய் கண்ணிலிருந்து மூக்குக்கு மாறுவது அந்த இடத்தில்தான்.

முதுநகர் அந்தோணி: எங்கள் வீட்டு நாய்க்குக் கலர் நன்றாகவே தெரியும். எங்கள் படகு நீலம். கரைக்கு எத்தனை படகு வந்தாலும் எங்களுடையது வரும்போது மட்டும்தான் எழுந்து ஓடும். இதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா: நீலம் அதற்குத் தெரியும் அந்தோணி அண்ணா, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உங்கள் இன்ஜின் சத்தத்துக்கே எழுந்திருக்கலாம். காற்று கடலிலிருந்து வீசினால் உங்கள் வலையின் வாசனையும் முன்னாலேயே வந்துவிடும். இன்ஜினை அணைத்துவிட்டுத் துடுப்புப் போட்டு வரும் நாளில் என்ன செய்கிறது என்று பாருங்கள்.

முதுநகர் அந்தோணி: துடுப்புப் போட்டு வந்த நாளிலும் ஓடி வந்திருக்கிறது. காற்று எந்தப் பக்கம் என்று கவனித்ததில்லை.

மஞ்சக்குப்பம் சரவணன்: டாக்டர் சொன்னதைப் படித்துவிட்டு அதே அளவில் நீலப் பந்து ஒன்று வாங்கினேன். புல்லில் நின்ற பிறகும் தலையைத் தூக்கியபடியே நேராகப் போய் எடுத்தது. மூக்கைத் தரையில் வைக்கவே இல்லை.

பாப்புலியூரான்: புதுப் பந்து தம்பி. கடையிலிருந்து வந்த ரப்பர் வாடை பத்தடிக்கு அடிக்கும். தலையைத் தூக்கிக்கொண்டு போனது காற்றில் வந்த வாடையைப் பிடித்துக்கொண்டுதான். இதில் கலர் எங்கே வந்தது?

லாஸ்பேட்டை டாக்டரம்மா: இது நியாயமான கேள்வி. இப்படிச் செய்யுங்கள் சரவணன். இரண்டு பந்தையும் சோப்புப் போடாமல் கழுவி, நாய் கடிக்கும் பழைய துணியில் ஒன்றாகச் சுற்றி ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மறுநாள் நாயை வேறொருவர் பிடித்துக்கொண்டு திரும்பி நிற்கட்டும், பந்தை நீங்கள் இடுக்கியால் எடுத்துப் புல்லில் வையுங்கள். முக்கியமானது காற்று. சாயங்காலம் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், அதனால் நாயைக் கிழக்குப் பக்கமிருந்து விடுங்கள். பந்தின் வாடை அதன் மூக்குக்கு வராமல் எதிர்ப்பக்கம் போய்விடும். ஒரு நாள் சிவப்பு, ஒரு நாள் நீலம் என்று மாற்றி மாற்றி வையுங்கள். அப்போதும் நீலத்துக்கு நேராகப் போனால் அது கண்தான். இரண்டையுமே மூக்கால் தேடினால் அண்ணன் சொல்வது ஜெயித்தது.

வில்லியனூர் மலர்: அப்போ நானும் டாமிக்கு நீலமே வாங்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சில்வர் பீச்சுக்கு அழைத்துப் போகிறோம்.

லாஸ்பேட்டை டாக்டரம்மா: மணலில் மட்டும் போடுவதென்றால் நீலம் சரி. தண்ணீரில் எறிவதாக இருந்தால் மஞ்சள் வாங்குங்கள் மலர். நீலமும் பச்சையும் கலந்த கடல்நிறம் அதற்குச் சாம்பல் மாதிரிதான் தெரியும். மஞ்சள் அதில் தனியாக நிற்கும். அலை பந்தை ஆட்டிக்கொண்டே இருப்பதும் அதன் கண்ணுக்கு உதவும்.

பாப்புலியூரான்: காற்று வரும் பக்கமிருந்து விட்டாலும் அது அரை வட்டம் அடித்துக் காற்று போகும் பக்கம் போய்த்தான் பந்தை எடுக்கும். எத்தனையோ நாய்களைப் பார்த்திருக்கிறேன். சரவணன், எடுக்கும்போது அது நேராகப் போகிறதா, வளைந்து போகிறதா என்று பார்த்து எழுதுங்கள்.