என்ஆர்ஓ வட்டியில் பிடித்த 31.2%: யாருக்கு எப்படித் திரும்பி வந்தது?

டல்லாஸ்வாசி: ஊர் வங்கியில், வெளிநாடுவாழ் இந்தியர் உள்நாட்டு ரூபாயை வைக்கும் என்ஆர்ஓ கணக்கில் டெபாசிட் 8 லட்சம் வைத்திருந்தேன். 2023-24 நிதியாண்டில் வட்டி 56,000 ரூபாய். அதில் 17,472 ரூபாயை டிடிஎஸ் ஆகப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் கணக்கில் போட்டார்கள். அமெரிக்க ரிட்டர்னில் அந்த முழுத் தொகையையும் கழித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இங்குள்ள வரி ஆலோசகர் ஒத்துக்கொள்ளவில்லை. "இந்தியாவுக்கு நீங்கள் உண்மையில் கட்டவேண்டிய வரிக்குத்தான் இங்கே கிரெடிட். திரும்ப வாங்கக்கூடிய பணத்துக்குக் கிடையாது" என்றார்.

இந்தியாவில் எனக்கு வேறு வருமானம் இல்லை. புதிய வரி முறையில் அந்த ஆண்டு 3 லட்சம் வரை வரி கிடையாது, அது வெளிநாட்டில் வாழும் நமக்கும் பொருந்தும். நம் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் பிடித்தம் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஐடிஆர்-2 ரிட்டர்ன் போட்டேன். 17,472 ரூபாயும் திரும்ப வந்தது. ஆனால் 56,000க்கும் அமெரிக்காவில் வரி கட்டினேன், கிரெடிட் இல்லாமல். இங்கே ஆண்டு ஜனவரியில் தொடங்குவதால், 26ஏஎஸ்ஸில் உள்ள தேதிகளைப் பார்த்து வட்டியைப் பிரித்துக் கணக்கிட வேண்டியிருந்தது.

கொள்ளிடக்கரை: எதுக்குங்க இவ்வளவு அலைச்சல்? வெளிநாட்டுல சம்பாதிச்ச பணத்தைப் போடுற என்ஆர்இ கணக்குல போட்டா எங்கேயும் வரியே இல்லையே.

பழைய ஆடிட்டர்: இந்தியாவில் இல்லை, சரி. அமெரிக்காவில் உண்டு தம்பி. அங்கே வரி கட்டுகிறவர் உலகில் எங்கே வந்த வட்டியையும் காட்டியாக வேண்டும். துபாயில் இருப்பவருக்கு நீங்கள் சொல்வது சரி.

வருமானம் வரம்பைத் தாண்டுகிறவர்கள், வரி ஒப்பந்தப்படி 15 சதவீதம் மட்டும் பிடிக்கச் சொல்லலாம். இந்தக் கணக்கில் அது 8,400 ரூபாய். அதற்கு, நீங்கள் அமெரிக்காவில் வரி கட்டும் வாசி என்று அமெரிக்க வரித்துறை தரும் 6166 சான்றிதழும், இந்திய வரித்துறைத் தளத்தில் நிரப்பும் 10எஃப் படிவமும் வங்கிக்குப் போக வேண்டும். சான்றிதழ் வர மாதக்கணக்கில் ஆகலாம். அதற்குள் வட்டி வரவு வைக்கும் நாள் வந்துவிட்டால் 31.2 சதவீதம்தான் பிடிப்பார்கள், அப்புறம் ரிட்டர்ன்தான் வழி.

இன்னொன்று. 2025-26 முதல் 12 லட்சம் வரை வரியில்லை என்று கேட்டுவிட்டு நிறையப் பேர் என்னிடம் வருகிறார்கள். அது 87ஏ தள்ளுபடியால் வருவது, உள்ளூர்வாசிகளுக்கு மட்டும். நமக்கு எல்லை 4 லட்சம்.

மதுரை மகள்: எங்க அம்மா வரி பிடிக்க வேண்டாம்னு வங்கியில 15ஹெச் படிவம் கொடுத்தாங்க, பைசா பிடிக்கலையே! டெபாசிட்டில் அம்மா பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது.

பழைய ஆடிட்டர்: அம்மா ஊரிலேயே இருப்பவர், மூத்த குடிமகள், அதனால் 15ஹெச் கொடுக்கலாம். நீங்கள் கொடுக்க முடியாதும்மா. டெபாசிட் போட்ட பணம் யாருடையது?

மதுரை மகள்: நான் அனுப்பினதுதான் சார். அம்மாவுக்குன்னு கொடுத்துட்டேன், ஆனா எழுதி எதுவும் வைக்கலை.

டல்லாஸ்வாசி: என் அப்பா கணக்கிலும் இதே நிலைமைதான். அந்த வட்டியை அமெரிக்காவில் யார் கணக்கில் காட்டினீர்கள்?