கட்டன்சாயா நிறத்தில் மூத்திரம்: காமாலையா, கிட்னியா?

குளச்சல், 8 வயசுப் பையனின் அம்மா: நாலு நாளா கட்டன்சாயா நிறத்துல மூத்திரம் போறான். காலையில கண்ணிமை வீங்குது. மஞ்சக்காமாலைன்னு நெனச்சு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம். பிலிருபின் பார்த்தா சரியா இருக்கு. இப்போ ஸ்ட்ரெப் கிருமி தொத்தினதால வந்த கிட்னி அழற்சின்னு சொல்லுதாங்க. தொண்டைவலியே வரல்ல, அந்தக் கிருமி வந்துச்சான்னு ரத்தத்துல பாக்குற ஏஎஸ்ஓவும் நார்மல். பிறகு ஸ்ட்ரெப் கிருமி எப்படி வந்துச்சு?

குழந்தை மருத்துவர், தக்கலை: போன மாதம் காலில் சிரங்கு இருந்ததா? தொண்டை வழி வந்தால் ஒன்றிரண்டு வாரத்தில் மூத்திரம் நிறம் மாறும். தோல் வழி என்றால் 3 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் புண் ஆறிவிடுவதால் வீட்டில் யாருக்கும் நினைவே இருக்காது. தோல் புண்ணில் ஏஎஸ்ஓ பெரும்பாலும் ஏறாது, அதே கிருமியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான ஆன்டி-டிஎன்ஏஸ் பி கேளுங்கள். இந்த அழற்சியில் ரத்தத்தில் குறையும் C3 என்ற புரதம், பிரஷர், எடை என்ன?

அம்மா: ஆமா, அஞ்சு வாரம் முன்னாடி முழங்காலுக்குக் கீழ சிரங்கு இருந்துச்சு. C3 32தான், C4 சரி. 24 கிலோ இருந்தவன் இப்போ 26. பிரஷர் 134/90.

மருந்துக்கடைக்காரர், மார்த்தாண்டம்: பென்சிலின் போட்டா ஒரு வாரத்துல தெளிஞ்சிரும். இளநீர் நெறயக் குடுங்க, சூடு தணியும்.

மருத்துவர்: பென்சிலின் வேண்டும்தான், ஆனால் அது மிச்சக் கிருமியை அழிக்க. தொடங்கிவிட்ட அழற்சியை அது நிறுத்தாது. இளநீர் வேண்டவே வேண்டாம். மூத்திரம் குறைந்த பிள்ளைக்கு அதிலுள்ள பொட்டாசியம் வெளியேறாமல் தேங்கி இதயத்துடிப்பைக் குலைக்கும். ஏறிய 2 கிலோ வெறும் உப்பும் தண்ணீரும், பிரஷரும் அதனால்தான். இந்த வயதுக்கு 134/90 மிக அதிகம், இன்றே வார்டில் சேருங்கள். மூத்திரத்தைக் கூட்டும் ஃப்ரூஸிமைடு மருந்தை எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்கில் தொடங்குவார்கள். கஞ்சியில் உப்பு, கருவாடு, ஊறுகாய், பப்படம் எல்லாம் நிறுத்துங்கள். தினமும் காலையில் ஒரே தராசில் எடை பாருங்கள். தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் என்றால் வலிப்பு வரப்போகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

நாகர்கோவில், ஒரு அப்பா: எம் மகளுக்குத் தொண்டைவலி வந்த மறுநாளே சிவப்பா போச்சு. இதேதானா?

மருத்துவர்: மறுநாளே என்றால் ஐஜிஏ நெஃப்ரோபதி என்ற வேறு கிட்னி நோயாகவும் இருக்கலாம். அதில் C3 பொதுவாகக் குறையாது. அதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

அம்மா, ஆறு வாரம் கழிச்சு: பத்து நாளுல நிறம் தெளிஞ்சுட்டு. எடை 24, பிரஷர் சரி. C3 74. மைக்ராஸ்கோப்புல ரத்த அணு இன்னும் தெரியுதாம். கிட்னியில துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்சி பண்ணணுமா?

மருத்துவர்: அணுக்கள் ஒரு வருடம்கூடத் தெரியலாம், அதற்காக வேண்டாம். C3 ஏறிவருவது நல்லது. இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் குறைவென்றால் சிலர் உடனே பயாப்சி எடுப்பார்கள், நான் 12 வாரம்வரை பார்ப்பேன்.

அம்மா: தம்பிக்கும் இப்போ கால்ல சிரங்கு.

மருத்துவர்: அவனுக்கு இப்போதே மருந்து தொடங்குங்கள். ஆறு வாரம்வரை வாரம் ஒருமுறை மூத்திரமும் பிரஷரும் பாருங்கள்.