கிளையண்ட் பட்ஜெட் கொட்டேஷனில் பாதிகூட இல்லை, வேலையில் எதைக் குறைப்பது?

தறியோசை:
ஒரு வெப்சைட் வேலைக்கு 120 மணி நேரம் கணக்குப் போட்டுக் கொட்டேஷன் அனுப்பினேன். கிளையண்ட் சொல்லும் பட்ஜெட் 50 மணி நேரத்துக்குத்தான் வரும். ரேட்டைக் குறைக்க விருப்பமில்லை. என் கணக்கு இது: திட்டமிடல் 10, ஐந்து வகைப் பக்கங்களுக்கு டிசைன் 30 (மூன்று சுற்றுத் திருத்தத்தோடு), கோடிங் 25, 14 பக்கங்களுக்கு உள்ளடக்கம் ஏற்றுவது 14, முன்பதிவும் பேமெண்ட்டும் 22, இரண்டாவது மொழி 9, டெஸ்டிங் 10. பக்கங்களை ஏழாகக் குறைத்து 50-க்கு ஒத்துக்கொள்ளலாமா?

கல்தூண்:
ஒரு 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்து முடிச்சிடுங்க. இல்லன்னா வேற ஆளைப் பார்த்துட்டுப் போயிடுவாங்க.

நீர்மட்டம்:
20 சதவீதம் குறைத்தாலும் 96 மணி நேரத்துக்கான தொகை. 50-க்கு எட்டவே எட்டாது. அதோடு, வேலை எதுவும் குறையாமல் விலை மட்டும் இறங்கினால், முதலில் சொன்ன விலையே கூட்டிச் சொன்னதோ என்ற சந்தேகம் கிளையண்டுக்கு வரும்.

தறியோசை, உங்கள் கணக்கையே பாருங்கள். பக்கங்களைப் பாதியாக்கினால் மிச்சமாவது உள்ளடக்கம் ஏற்றுவதில் 7 மணி நேரம் மட்டும். 113 மணி நேர வேலையை 50-க்குச் செய்வீர்கள். நேரத்தைத் தின்பது பக்கங்களின் எண்ணிக்கை அல்ல, எத்தனை வகைப் பக்கம் என்பதுதான். ஒவ்வொரு வகைக்கும் டிசைனில் 6, கோடிங்கில் 5.

நான் வெட்டும் வரிசை: முன்பதிவு போகட்டும், அதற்குப் பதில் விசாரணைப் படிவம், 3 மணி நேரம். இரண்டாவது மொழி வேண்டாம். உள்ளடக்கத்தை அவர்களே ஏற்றட்டும், சொல்லிக்கொடுக்க 2. பக்க வகை மூன்று, திருத்தம் ஒரே சுற்று: டிசைன் 15, கோடிங் 15. வேலை சிறுத்ததால் திட்டமிடல் 7, டெஸ்டிங் 6. மொத்தம் 48. டெஸ்டிங்கை இதற்குக் கீழே இறக்காதீர்கள். இறக்கினால் சைட் வெளியான பிறகு அதே வேலை காசில்லாமல் உங்களிடம் திரும்பி வரும்.

பூவரசு:
நான் மொழிபெயர்ப்பு செய்றேன். என்கிட்ட வெட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லையே? சொல்லுக்கு இவ்வளவுன்னுதான் ரேட்.

நீர்மட்டம்:
இரண்டாவது ஆளின் சரிபார்ப்பு, பக்க அமைப்பு, அவசர டெலிவரி இதெல்லாம் உங்கள் ரேட்டுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவற்றைப் பிரிக்கலாம்.

கல்தூண்:
சரி, அப்ப ரெண்டு கட்டமாப் பிரிங்க. இப்ப 50, மீதி 70 அடுத்த வருஷம்னு எழுதிக் கொடுங்க.

நீர்மட்டம்:
கட்டமாகப் பிரிப்பது நல்ல யோசனை. அந்த 70-ஐ மட்டும் எழுதிக் கொடுக்கக் கூடாது. ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் முன்பதிவைச் சேர்த்தால் பழைய பக்கங்களையும் மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும், 22-க்குள் முடியாது. “அப்போது தனிக் கொட்டேஷன்” என்று ஒரு வரி போதும்.

பதில் மெயில் இப்படி இருக்கலாம்:

> நீங்கள் சொன்ன தொகைக்குள் மூன்று வகைப் பக்கங்களும் விசாரணைப் படிவமும் கொண்ட சைட்டைச் செய்து தருகிறேன். திருத்தம் ஒரு சுற்று. முன்பதிவு, பேமெண்ட், இரண்டாவது மொழி, உள்ளடக்கம் ஏற்றுதல் ஆகியவை இதில் சேரா. சைட் வெளியாகும் நாளில் கட்டாயம் வேண்டியது இதில் விடுபட்டிருந்தால் சொல்லுங்கள், அதற்கு ஈடாக எதை எடுக்கலாம் என்று பார்ப்போம்.

“சேரா” என்ற வரியை விட்டுவிடாதீர்கள். பேச்சில் விட்டுக்கொடுத்ததை ஒரு மாதம் கழித்து யாரும் நினைவில் வைத்திருப்பதில்லை. கிளையண்ட் எதையும் எடுக்க விடாமல் தான் சொன்ன தொகையிலேயே நின்றால், அது பட்ஜெட் இல்லை, பேரம்.

இழைக்கோல்:
மணிக்கணக்கைக் கிளையண்டுக்குக் காட்டவே கூடாது. “டிசைனுக்கு எதுக்கு 15?” என்று வரிக்கு வரி பேரம் ஆரம்பிச்சிடும்.

நீர்மட்டம்:
வேலையின் பெயரும் மொத்தத் தொகையும் போதும் என்பேன். ஆனால் நீண்ட நாள் கிளையண்ட் கேட்டால் காட்டுவதில் தவறில்லை.

இழைக்கோல்:
அவங்களுக்கும் காட்ட மாட்டேன்.

தறியோசை:
மெயில் போயிற்று, பதிலும் வந்துவிட்டது. முன்பதிவு கட்டாயம் வேண்டுமாம், பக்க வகைகள் குறைந்தால் பரவாயில்லையாம்.

நீர்மட்டம்:
அப்படியென்றால் உண்மையான பட்ஜெட்தான். படிவம் போனால் 3 குறையும். முன்பதிவுக்கு 22, டெஸ்டிங் பழையபடி 10 ஆவதால் இன்னும் 4. மொத்தம் 71. இரண்டு பக்க வகைகளை எடுத்தால் 20 குறைந்து 51-இல் நிற்கும், ஒரே வகைப் பக்கத்தோடு. ஒரு மணி நேரம்தான் கூடுதல். ஆனால் பேமெண்ட் கணக்கை அவர்கள் பெயரில் அவர்களே திறந்து தர வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். அந்தக் கணக்குக்கு ஒப்புதல் கிடைப்பது தாமதமானால் வேலை அங்கேயே நின்றுவிடும்.