ரெண்டாவது தடவை பார்க்கலாமான்னு எப்படிக் கேட்கறது?

வணக்கம். ஞாயித்துக்கிழமை சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு காபி கடையில ஒரு பெண்ணை முதல்முறையா சந்திச்சேன். நல்லா பேசினாங்க, ஆனா வேலை, படிப்பு, குடும்பம்னு பேட்டி மாதிரியே போயிடுச்சு. கிளம்பும்போதுதான் தட்டுவடை செட் பத்திப் பேச்சு வந்துச்சு. பீட்ரூட் துருவல் நிறைய வச்சுத் தர்ற கடை ஒண்ணு தனக்குத் தெரியும்னு அவங்க சொன்னப்போ அவங்க முகமே மலர்ந்துடுச்சு. அந்த ரெண்டு நிமிஷம்தான் மனசுல நிக்குது.

இப்படி அனுப்பலாமா? "சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடையைக் காட்டுறீங்களா? விருப்பமில்லன்னாலும் தயங்காம சொல்லுங்க."

ஏற்காடு கூப்பிட நினைச்சேன். ஆனா மலைமேல போயிட்டா, பிடிக்கலைன்னாலும் அவங்களால சட்டுனு கிளம்ப முடியாது.

முதல் நாள் இறுக்கமா இருந்ததை நானே சொல்லணுமா, விட்டுடலாமா? இங்க இருக்கற பெண்கள் சொன்னா ரொம்ப உதவியா இருக்கும்.