வீட்டிலிருந்து வேலை விதிகள்: இந்த ஒரு வரியை எப்படி மாற்றி எழுதலாம்?

எச்.ஆர். வேலையில் இருப்பவர்கள் கொஞ்சம் பாருங்கள். எங்கள் கம்பெனியின் வொர்க் ஃப்ரம் ஹோம் விதிகளைச் சரிபார்க்கும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. இடிப்பது இந்த வரிதான்: "தகுதியுள்ள ஊழியர்கள், மேலாளர் ஒப்புதலுடன், வாரத்தில் 2 நாள் வரை வீட்டிலிருந்து வேலை செய்யலாம்."

யார் தகுதியுள்ளவர்? புரொபேஷனில் இருப்பவருக்கு உண்டா, ஒப்பந்த ஊழியருக்கு உண்டா? எங்கேயும் இல்லை. ஒரே மாதிரி வேலை செய்யும் இரண்டு டீமில் ஒரு மேலாளர் எல்லோருக்கும் கொடுக்கிறார், இன்னொருவர் யாருக்குமே கொடுப்பதில்லை. இரண்டு பேரும் விதிப்படிதான் நடக்கிறார்கள்! அப்புறம், இந்த வாரம் வியாழன், வெள்ளி, அடுத்த வாரம் திங்கள், செவ்வாய் எடுத்தால் சனி, ஞாயிறோடு சேர்த்து 6 நாள் ஊரிலேயே இருந்துவிடலாம்.

தகுதியை ஆளைப் பார்த்து இல்லாமல் பதவியைப் பார்த்து முடிவு செய்யலாம், மறுத்தால் 5 வேலை நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தரவேண்டும் என்று மாற்றி வைத்திருக்கிறேன். மேலாளர்களோ காரணங்களில் "வேலைத் தேவை" என்பதையும் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்த்தால் பழைய கதைதான்.

உங்கள் இடத்தில் மறுப்புக் காரணங்களை எப்படி எழுதியிருக்கிறார்கள்? அந்த வரியை மட்டும் போட்டால் போதும், கம்பெனி பெயர் வேண்டாம்.