கலைச்சொல் வேண்டல்: டாலரோடு "பெக்" செய்த நாணயம்

மலர்விழி, சென்னை

அனைவருக்கும் வணக்கம். வளைகுடா வேலைக்குப் புறப்படுபவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அமீரகத் திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று நிற்கிறது. சவூதி ரியால் 1986 முதல் 3.75. இப்படி ஒரு நாணயத்தின் விலையை டாலருக்கு மாறாமல் கட்டி வைப்பதைத்தான் ஆங்கிலத்தில் "பெக்" என்கிறார்கள். இதை "நிலைவீத நாணயம்" என்று எழுதினேன். வரைவைப் படித்த ஒருவர், "அப்படியானால் ஊருக்கு மாதாமாதம் ஒரே தொகைதானே போய்ச் சேரும்?" என்று கேட்டார். சொல்லே தவறான நம்பிக்கையைத் தருகிறது என்று அப்போதுதான் உறைத்தது. திர்ஹாம் டாலருக்கு அசையாது, ரூபாய்க்கு அசையும். இரண்டும் ஒரே சொல்லில் தெரியும்படி ஏதாவது உண்டா?

அருள், கோவை

"நிலைவீதம்" போதுமே. கூடுதலாகக் குழப்ப வேண்டாம் என்பது என் கருத்து. ரூபாய் டாலருக்கு எதிராக நெடுங்காலமாகச் சரிந்துகொண்டேதான் இருக்கிறது. 2013 மே மாதம் 54 அளவில் இருந்த டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68 ரூபாயைத் தாண்டியது. அதே 2,000 திர்ஹாம் மே மாதம் சுமார் 29,400 ரூபாய், ஆகஸ்டில் 37,000 ரூபாய்க்கு மேல். திர்ஹாம் சம்பளம் என்பது டாலர் சம்பளம்தான். தொழிலாளிக்கு இதில் லாபமே தவிர ஆபத்து இல்லை.

கதிரேசன், மதுரை

அருள் சொன்ன கணக்கு சரி, முடிவு பாதிதான் சரி. வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் உட்கார்ந்தவர்கள் 2007-ஐ மறக்க மாட்டார்கள். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் டாலர் 44 ரூபாய் அளவில் இருந்தது, நவம்பரில் 39.30 அளவுக்கு இறங்கியது. திர்ஹாமுக்குத் தனியாக எதுவும் நடக்கவில்லை. டாலரோடு கட்டப்பட்டிருந்ததால் அதுவும் கூடவே இறங்கியது: 11.98 ரூபாயிலிருந்து 10.70-க்கு.

இதை ஒரு கட்டடத் தொழிலாளியின் கணக்கில் வைத்துப் பாருங்கள். சம்பளம் 600 திர்ஹாம். விசாவுக்கு வாங்கிய கடனுக்கு ஊரில் மாதம் 5,000 ரூபாய் கட்ட வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் அந்த 5,000 ரூபாய்க்கு 417 திர்ஹாம் போதும், கையில் 183 மிஞ்சும். நவம்பரில் அதே தவணைக்கு 467 திர்ஹாம் வேண்டும், மிஞ்சுவது 133. சம்பளச் சீட்டில் ஒரு காசு குறையவில்லை, ஆனால் சாப்பாட்டுக் காசில் 50 திர்ஹாம் போய்விட்டது. அமீரகத்திலேயே விலைவாசி அப்போது வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் துபாயில் கட்டடத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததற்கு இந்த டாலர்ச் சரிவும் ஒரு காரணம்.

நெடுங்காலத்தில் ரூபாய் சரியும் என்பது கடன் தவணைக்குத் தெரியாது. தவணை மாதாமாதம் வரும். ஆகவே "நிலை" என்ற சொல்லைக் கையேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். எதற்கு நிலை என்று அது சொல்வதில்லை.

என் முன்மொழிவு: முளை. மாடு கட்டும் முளைக்குச்சி. முளையைப் பிடுங்கிக்கொண்டு ஒருவன் நடந்தால் மாடும் கூடவே போகும். முளைக்கும் மாட்டுக்கும் இடையில் கயிற்றின் நீளம் மாறாது, ஆனால் மாடு நிற்கும் இடம் மாறும். திர்ஹாமின் நிலை அதுதான். "டாலர்முளை நாணயம்" எனலாம்.

ஜெயா, குவைத்

இங்கே தினாருக்கும் இதே சொல் பொருந்துமா? மலர்விழி வரைவில் "வளைகுடா நாணயங்கள்" என்று பொதுவாகப் போட்டிருப்பதால் கேட்கிறேன். கைபேசியில் டாலர் விலையைப் பார்த்துத் தினாருக்குக் கணக்குப் போட்டால் எனக்கு ஒருபோதும் சரியாக வருவதில்லை.

கதிரேசன்

வராது, அம்மா. 2003 முதல் 2007 மே வரைதான் குவைத் தினார் டாலரோடு மட்டும் கட்டப்பட்டிருந்தது. டாலர் சரியச் சரிய இறக்குமதி விலை ஏறுகிறது என்று சொல்லி, பல நாணயங்கள் சேர்ந்த கூடைக்கு மாற்றினார்கள். எந்த நாணயத்துக்கு என்ன பங்கு என்பதை வெளியிடுவதில்லை. ஆகவே டாலரை மட்டும் வைத்துப் போடும் கணக்கு கொஞ்சம் தள்ளித்தான் விழும். மலர்விழி, குவைத்தைத் தனியாகப் பிரித்து எழுதுங்கள்.

ரவீந்திரன், யாழ்ப்பாணம்

ஐயா, "முளை" எண்டால் இங்கை பயறு முளைக்கிறதுதான் முதலில் நினைவுக்கு வரும். "டொலர்முளை" எண்டு தலைப்பிலை போட்டால் முதலீட்டு விளம்பரம் எண்டு நினைப்பினம்.

இன்னொரு விசயமும் சொல்லில் வரவேணும். எங்கடை ரூபாவும் ஒரு காலம் கட்டுப்பட்டுத்தான் நிண்டது. 2021 கடைசியில் மத்திய வங்கி டொலரை 200 – 203 ரூபாவில் பிடிச்சு வைச்சிருந்தது. திர்ஹாமும் டொலரோடை, ரூபாவும் டொலரோடை. ஆகவே ஒரு திர்ஹாம் 55 ரூபா எண்டு மாதக்கணக்காக அசையாமல் இருந்தது. அதுதான் உண்மை விலை எண்டு சனம் நம்பினது, ஆனால் வங்கிக்கு வெளியாலை பணம் மாத்திக் குடுக்கிற உண்டியல்காரர் அதைவிடக் கூடக் குடுத்தவை. வங்கி வீதம் பொய்யாக நிக்குது எண்டதுக்கு அதுவே அடையாளம். 2022 மார்ச் 7 இல் கட்டைத் தளர்த்தினார்கள். மே மாதம் டொலர் 360 ஐ ஒட்டிப் போனது, திர்ஹாம் 98 ரூபா. பிறகு திரும்பி இறங்கி 2024 கடைசியில் டொலர் 290 களில், திர்ஹாம் 80 ரூபா அளவில் நிண்டது.

1,000 திர்ஹாம் அனுப்பினால் 55,000, பிறகு 98,000, பிறகு 80,000. 98 இல் கணக்குப் போட்டுச் சீட்டும் கடனும் பொறுப்பெடுத்தவைக்குப் பிறகு கை கடிச்சது. அருளுக்கு ஒரு குறிப்பு: 98,000 கிடைச்ச காலத்திலை இங்கை விலைவாசி ஏறின வேகத்தைப் பார்த்தால் அது லாபம் எண்டு சொல்ல ஏலாது.

அறுந்துபோறதுக்கும் ஒரு சொல் கிளைக்கிற மாதிரி வேர்ச்சொல் வேணும். கட்டு எண்டு எடுங்கோ. "டொலர்க்கட்டு", குவைத்துக்குக் "கூடைக்கட்டு". அரசு விரும்பி விட்டால் "கட்டவிழ்த்தல்", தாங்கேலாமல் போனால் "கட்டறுதல்".

அருள்

ரவீந்திரன் சொன்ன விலைவாசியை நான் கணக்கில் எடுக்கவில்லை, ஏற்கிறேன். கட்டவிழ்த்தலும் கட்டறுதலும் மிக நன்று. ஆங்கிலத்தில் இரண்டையும் பல நேரம் ஒரே சொல்லால்தான் சொல்கிறார்கள்.

தமிழ்ச்செல்வன், ஈரோடு

சொல் ஏற்கெனவே இருக்கிறதே! இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகளில் "தொழிலாளர் பணவனுப்பல்கள்" என்று பார்த்திருக்கிறேன். அதையே எடுத்துக்கொள்ளலாம்.

மலர்விழி

ஐயா, அது ஊருக்கு அனுப்பும் பணத்துக்கான சொல். எனக்கு வேண்டியது சம்பள நாணயம் டாலரோடு கட்டப்பட்டிருக்கும் நிலைக்கு. ஆனாலும் "பணவனுப்பல்" நல்ல சொல், அதற்குரிய இடத்தில் எடுத்துக்கொள்கிறேன்.

ஷாகுல், ஷார்ஜா

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். பணம் அனுப்பும் எக்ஸ்சேஞ்சில் கவுண்டரில் இருக்கிறேன். "டாலர் கட்டு" என்றால் இங்கே நோட்டுக் கட்டு. நூறு தாள் சேர்த்து பேண்ட் போட்டது. கியூவில் நிற்கும் ஆளிடம் "திர்ஹாம் டாலர்க்கட்டு நாணயம்" என்று படித்துக் காட்டினேன், "எத்தனை கட்டு?" என்றார். எழுத்தில் ஒற்று மிகும், பேச்சில் அந்த வேறுபாடு கேட்காது.

சொல் எதுவானாலும் கையேட்டில் ஒரு கணக்கைப் போட்டுவிடுங்கள், அதுதான் இங்கே பலருக்குத் தெரியவில்லை. டாலர் இன்று எத்தனை ரூபாய் என்று பார்த்து 3.6725-ஆல் வகுக்க வேண்டும். டாலர் 83.50 என்று வைத்துக்கொண்டால் 22.74 வரும். அது சந்தை விலை. கவுண்டர் போர்டில் 22.55 என்று இருந்தால், திர்ஹாமுக்கு 19 பைசா எக்ஸ்சேஞ்ச் எடுக்கிறது. 2,000 திர்ஹாமுக்கு அது 380 ரூபாய். கட்டணம் 20 திர்ஹாம் என்றால் அதன்மேல் 5 சதவீதம் வாட், ஆக 21 திர்ஹாம். "கட்டணம் இல்லை" என்று போட்டிருக்கும் நாளில் பைசா வித்தியாசத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் போயிருக்கும்.

சந்தை விலை ஏறி இறங்குவதற்கு எக்ஸ்சேஞ்ச் காரணமில்லை. அந்த 19 பைசாவுக்கு எக்ஸ்சேஞ்ச்தான் காரணம். "போன மாசம் 22.90 கொடுத்தீங்க, இப்ப ஏன் 22.55?" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினால் புரிகிறது. சனி, ஞாயிறு இந்தியச் சந்தை மூடியிருக்கும், அன்று வித்தியாசம் சற்று அகலமாக இருக்கும். அவசரமில்லாவிட்டால் திங்கள்கிழமை அனுப்பலாம்.

கதிரேசன்

நோட்டுக் கட்டு எனக்குத் தோன்றவே இல்லை. கவுண்டரில் தோற்கும் சொல் கையேட்டுக்கு ஆகாது. முளையையும் நான் விட்டுவிடுகிறேன். பிணைப்பு என்று வைத்தால் என்ன? "டாலரோடு பிணைத்த நாணயம்", "கூடைப் பிணைப்பு", "பிணைப்பு அவிழ்த்தல்", "பிணைப்பு அறுதல்". ரவீந்திரன் பிரித்த இரண்டும் அப்படியே நிற்கின்றன. "பிணை" என்று சுருக்க மட்டும் கூடாது, அது ஜாமீன்.

மலர்விழி

"டாலரோடு பிணைத்த நாணயம்" என்றே போடுகிறேன். "டாலரோடு" என்பது சொல்லுக்குள்ளேயே இருப்பதால் எதற்கு நிலை என்ற கேள்வி எழாது. பாதி வேலைதான் முடிந்தது. ரூபாய்க்கு எதிராகத் திர்ஹாமுக்கு வரும் ஏற்ற இறக்கம் அதனுடையது அல்ல, டாலருடையது. அதற்கு "இரவல் அசைவு" என்று எழுதிப் பார்த்தேன்.

ரவீந்திரன்

இரவல் எண்டால் திருப்பிக் குடுக்கவேணும், தங்கச்சி. திர்ஹாம் இதை ஆரிட்டையும் திருப்பிக் குடுக்கிறதில்லை. "தொற்றசைவு" எப்பிடி?

ஷாகுல்

தொற்று என்றால் கொரோனா நினைவு வருகிறது அண்ணே. பெயர் பிறகு வரட்டும். அதுவரை கையேட்டில் இப்படி இரண்டு வரி போடுங்கள், நான் இன்று கியூவில் நால்வரிடம் படித்துக் காட்டினேன், நால்வருக்கும் புரிந்தது:

"ஒரு டாலர் 3.6725 திர்ஹாம், இது மாறாது. ஒரு திர்ஹாம் எத்தனை ரூபாய் என்பது டாலர் ஏறினால் ஏறும், டாலர் இறங்கினால் இறங்கும்."

ரவீந்திரன்

வரி நல்லாயிருக்கு. ஆனால் 2021 இல் இலங்கை ஆள் இதைப் படிச்சிருந்தால், டொலரே 200 இல் அசையாமல் நிண்டதால் பிழையாக விளங்கியிருப்பார். எங்கடை பதிப்புக்கு "உங்கள் நாட்டு ரூபாவும் பிணைச்சிருந்தால், அது அறும் நாள் வரைக்கும்தான் இது நிக்கும்" எண்டு மூண்டாவது வரி ஒண்டு வேணும். தொற்றசைவை நான் இன்னும் கைவிடேல்லை.