விளக்குப் பெட்டியில் வெட்டுக் காகிதம்: கை தானாக மெலிகிறது, பார்த்திருக்கிறீர்களா?

பாம்பன்வாசி
விளக்குப் பெட்டி மேல் நிழல் பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒவ்வொரு பிரேமாகப் படமெடுக்கிறேன். பொம்மை, வலை இழுக்கும் ஆள், கறுப்பு அட்டையில் வெட்டியது. தோளிலும் முழங்கையிலும் நூல் முடிச்சு. மதியம் வரை ஓரம் சுத்தக் கறுப்பு. சாயங்காலம் கடல் காற்றுக்கு ஜன்னலைத் திறந்து, மின்விசிறியும் போட்டாச்சு. பிறகு எடுத்ததை ஓட்டிப் பார்த்தால், முன்கை மட்டும் மெலிந்துகொண்டே போகிறது, ஓரம் சாம்பலாகக் கலங்குகிறது. நான் தொடாத பிரேம்களில்கூட! அதுதான் மனதை விட்டுப் போகவே இல்லை.

உச்சிப்புளி
விளக்கு மினுக்குது, வேறொன்றுமில்லை. எனக்கும் வந்தது. ஷட்டரை 1/50க்கு வைத்ததும் நின்றது. நம்ம ஊர் கரண்ட் தெரியாதா?

மண்டபம் ரயிலடி
தோல்பாவைக்கு இந்தத் தொல்லையே இல்லை. ஆட்டுத்தோலில் செய்துபாருங்கள், சாயமும் ஏறும்.

கீழக்கரை
உச்சிப்புளி, விளக்கு மினுக்கினால் பிரேம் முழுக்க வெளிச்சம் ஏறி இறங்கும், ஒரு கை மட்டும் மாறாது. சந்தேகமானால் பொம்மை இல்லாமல் வெறும் பெட்டியை இருபது பிரேம் எடுத்து ஓட்டிப் பாருங்கள். மண்டபம், தோல் வெளிச்சத்தை உள்ளே விடும், அதனால்தான் பாவையில் நிறம் தெரிகிறது. இவருக்கு வேண்டியது முழுக் கறுப்பு. தோலும் ஈரம் குடிக்கும்.

பாம்பன்வாசி, உங்கள் கை சுருண்டிருக்கிறது. காகிதம் காய்ந்த பக்கமாக வளையும். பெட்டி கீழே சூடேற்றினால் ஓரம் படியும், நடு எழும்பும். மின்விசிறி மேலே உலர்த்தினால் ஓரம் எழும்பும். எழும்பிய ஓரம் போகஸை விட்டு விலகுவதால் கலங்குகிறது, வளைந்ததால் அகலமும் குறைகிறது. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் எது எழும்புகிறது என்று தெரிந்துவிடும்.

நான் செய்வது இது. ஒரே அட்டையில் வெட்டிய இரண்டு துண்டை, காகித இழை ஒரே திசையில் ஓடும்படி வைத்து முதுகோடு முதுகு ஒட்டுவேன். தண்ணீர்ப் பசை கூடாது, இரட்டைப் பக்க டேப்தான். இரு பக்கமும் ஒன்றுபோல இருந்தால் வளைய இழுப்பு இருக்காது. முன்கை போன்ற ஒல்லித் துண்டுக்கு இழை நீளவாக்கில் ஓடட்டும். லாட்டே ரைனிகர் 1926இல் இப்படி வெட்டிய நிழல் பொம்மைகளை வைத்து முழுநீளப் படமே எடுத்தவர், அட்டையோடு மெல்லிய ஈயத் தகட்டையும் சேர்த்திருந்தார். கனம் இருந்தால் கை படுத்தே கிடக்கும்.

உச்சிப்புளி
ஈயமா? வீட்டில் குழந்தை இருந்தால் வேண்டாம். வெட்டியதும் கை கழுவணும், தூள் பறக்கும், மேஜையை ஈரத்துணியால் துடைக்கணும், மீந்த துண்டை அடுக்களைப் பக்கம் போடக்கூடாது. ஷட்டரையும் ஒருமுறை பாருங்கள், நான் சொன்னது முழுத் தப்பு இல்லை.

பாம்பன்வாசி
பார்த்தேன், ஓரம்தான் எழும்பியிருக்கிறது. மின்விசிறியை நிறுத்தியதும் குறைந்தது, ஆனால் போகவில்லை. கண்ணாடி போட்டு அமுக்கினால் கை படிகிறது. ஒவ்வொரு அசைவுக்கும் கண்ணாடியைத் தூக்க வேண்டும், தூக்கும்போது மணிக்கட்டு நகர்கிறது. நொடிக்கு 12 படம் என்றால் எத்தனை முறை தூக்குவது? கண்ணாடி இல்லாமல் சமாளித்தவர் யாராவது உண்டா?